கண்ணீர் வடியும் கண்ணில் மை கலையாதிருக்க

எங்கள் கண் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெண்களில் சிலர், பார்வைக் குறைவைப் பற்றியோ வலியைப் பற்றியோ பேசுவதற்கு முன், சற்றுத் தயங்கி வேறொன்றைக் கேட்பதுண்டு. "காலையில் மை இட்டால் இரண்டு மணி நேரத்தில் கன்னம் வரை வழிந்துவிடுகிறது, டாக்டர். மை இடுவதையே விட்டுவிட வேண்டுமா?" என்பதே அக்கேள்வி. கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு, பொன்னேரி ஆகிய கடலோரப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், இது அற்பமான குறை அன்று. விட்டுவிடத் தேவையில்லை, ஆனால், இடும் இடத்தை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் விடை. அதன் காரணத்தையும் முறையையும் இங்கு விளக்குகிறோம்.

அண்மையில் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தாறு. சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் பொட்டலமிடும் பிரிவில் பணி. காலை ஆறு மணி முறைக்கு, ஐந்தேகால் மணிக்கே கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுவார். கீழ் இமையின் உட்புற ஈர விளிம்பில் மை தீட்டுவது சிறுவயது முதல் அவருக்கு வழக்கம். எட்டு மணிக்குள் கண்ணுக்குக் கீழே கரிய திட்டு படிந்துவிடும். துப்பட்டா நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்கக் கண் சிவந்து, மேலும் நீர் வடியும். நீரில் கரையாது என்று எழுதப்பட்டிருந்த மூன்று வகைப் பென்சில்களை வாங்கிப் பார்த்தும் பயனில்லை. மை சரியில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

நாங்கள் முதலில் பார்த்தது மையை அன்று, கண்ணீரை. கண்ணீர் வடிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, வடிகால் அடைப்பு. மூக்கை ஒட்டிய இமை முனையில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கண்ணீர் மூக்கினுள் இறங்குகிறது. அப்பாதை குறுகினால் நீர் வெளியே வழியும். மற்றொன்று, கண்ணின் வறட்சி. கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம்; ஆனால் கண்ணின் மேற்பரப்பு உலர்ந்து உறுத்தும்போது, அதைத் தணிக்கக் கண்ணீர்ச் சுரப்பி திடீரென மிகையாக நீரைச் சுரக்கும். அந்நீரில் எண்ணெய்ச் சத்துப் போதாமையால் அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மையின் கதை தொடங்குகிறது. ஒவ்வோர் இமையிலும் மெய்போமியன் சுரப்பிகள் என்னும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக உள்ளன. அவற்றின் வாய்கள் இமைமயிருக்குப் பின்னால், அந்த ஈர விளிம்பிலேயே திறக்கின்றன. ஒவ்வொரு முறை கண் இமைக்கும்போதும் அவை சிறிதளவு எண்ணெயைக் கண்ணீர்ப் படலத்தின் மேல் பரப்பி, நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கின்றன. நாம் பன்னெடுங்காலமாக மை தீட்டும் கீழிமையின் உட்கோடு, சரியாக அந்த வாய்களின் மேல்தான் அமைகிறது. மெழுகும் எண்ணெயும் கரியும் கலந்த பொருளை நாள்தோறும் அங்கே தேய்த்தால், சில வாய்கள் அடைபடும், எண்ணெய் குறையும், கண் உலரும், உலர்ந்த கண் நீரைக் கொட்டும், அந்நீர் மையைக் கலைக்கும். கலைந்த மையை மறைக்க மீண்டும் இடுகிறோம். நோயும் மையும் ஒன்றையொன்று வளர்ப்பது இவ்வாறுதான்.

அத்துடன், உள்விளிம்பில் இட்ட மையின் துகள்கள் கண்ணீரில் விரைந்து கலக்கின்றன. பென்சில் மையை இமைமயிருக்கு வெளியே இட்டபோதும் உள்ளே இட்டபோதும் கண்ணீரில் சேரும் துகள்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2015-ஆம் ஆண்டில் வெளியானது. உள்ளே இட்டபோது ஐந்து நிமிடங்களுக்குள்ளாகவே 15 முதல் 30 விழுக்காடு வரை மிகுதியான துகள்கள் கலந்தன என்று அது காட்டிற்று. கண்ணாடி வில்லை அணிவோருக்கு இதனால் மங்கலும் உறுத்தலும் மிகும்.

நம் நோயாளிக்கு வருவோம். அவரது கண்ணீர்ப் பாதையில் நீர் செலுத்திச் சோதித்தபோது அது தடையின்றித் தொண்டைக்கு இறங்கியது. ஆகவே அடைப்பு இல்லை. சாயமிட்டுப் பார்த்தபோது, இமைக்காமல் இருந்தால் அவரது கண்ணீர்ப் படலம் நான்கு விநாடிகளில் பிளந்துவிட்டது. பத்து விநாடிகளுக்கு மேல் நிற்பதே இயல்பு. இமை விளிம்பில் கரும்புள்ளிகளாக மை தங்கியிருந்தது. தொழிற்சாலைக் கூடத்தின் மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படுவதும், முகக்கவசத்தின் மேல்விளிம்பு வழியே மூச்சுக்காற்று கண்ணை நோக்கி எழுவதும் வறட்சியைக் கூட்டின. மூன்று வாரங்கள் மை வேண்டாம் என்றோம். நாளுக்கு இருமுறை இளஞ்சூடான துணியைப் பத்து நிமிடம் மூடிய இமைகளின் மேல் வைத்து, பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, விளிம்பைத் துடைக்கச் சொன்னோம். பதப்படுத்திகள் கலவாத செயற்கைக் கண்ணீர்த் துளிகளும் தந்தோம். முகக்கவசத்தின் மூக்குக் கம்பியை நன்கு அழுத்தி அணியும்படியும் கூறினோம்.

அதன் பின்னரே மை இடும் முறையைக் கற்பித்தோம். முதற்படி, தம் கண்ணீர் எப்பக்கம் வழிகிறது என்று அறிவது. ஒரு விடுமுறை நாளில் மை இடாமல், அரைமணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பாருங்கள். சிலருக்கு மூக்கோரம் ஈரமாகும். இமை தளர்ந்தோருக்கு வெளிமுனை ஈரமாகும். எந்த மூலையில் ஈரம் தெரிகிறதோ அங்கே மையை நிறுத்திவிட வேண்டும். எவ்வகை மையாயினும் ஓடுகின்ற நீரின் பாதையில் நிலைக்காது.

இரண்டாவது, தோலில் எண்ணெய் இல்லாதிருத்தல். நீரில் கரையாத மை என்று விற்கப்படுவன நீரைத்தான் தாங்கும், எண்ணெயைத் தாங்குவதில்லை. வியர்வையோடு சேர்ந்து ஊறும் தோல் எண்ணெயும், காலையில் முகத்தில் தடவிய தேங்காய் எண்ணெயும் அவற்றை இளக்கிவிடும். எனவே, இமையை நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள்; இமையில் கிரீம் வேண்டாம். கண் மருந்துத் துளிகளை இடுவோர், அவற்றை இட்டுப் பதினைந்து நிமிடம் கழித்தே மை இட வேண்டும். கண்ணாடி வில்லை அணிவோர் அதை முதலில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மையின் தன்மை. எண்ணெயில் குழைத்த பாரம்பரிய மையும், மென்மையான காஜல் குச்சியும் உடற்சூட்டில் இளகுவன. எனவே புழுக்கத்தில் நிற்பதில்லை. உலர்ந்ததும் மெல்லிய படலமாகும் திரவ ஐலைனரே ஈரக்கண்ணுக்கு ஏற்றது. அதைக் கீழிமையில் இடாமல், மேலிமையில் இமைமயிர் முளைக்கும் வரியை ஒட்டி, தோலின் வெளிப்புறத்தில் இடுங்கள். கண்ணைத் தாழ்த்திப் பார்த்தபடி, நடுவிலிருந்து வெளிமுனை நோக்கி ஒரு மெல்லிய கோடு. அடுத்து, மூக்குப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு இடத்தை விட்டுவிட்டு, கோட்டின் உள்முனையை இணையுங்கள். வெளிமுனையில் நீர் வழிவோர் அம்முனையை விட்டு, நடுப்பகுதியில் மட்டும் இடலாம். கண்ணைத் தாழ்த்தியவாறே ஒரு நிமிடம் காத்திருங்கள். உலருமுன் நிமிர்ந்து பார்த்தால் இமை மடிப்பில் மை அச்சாகப் பதிந்துவிடும். தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய இரண்டு கோடுகள் நெடுநேரம் நிற்கும்.

கீழிமையில் மை வேண்டுமென்போர், இமைமயிருக்குக் கீழே, வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும், சிறிய தூரிகையால் கரிய ஐ ஷேடோ பொடியை ஒற்றிக்கொள்ளலாம். மிகையான பொடி கண்ணில் உதிரும். ஆகவே தூரிகையைத் தட்டி உதிர்த்த பின்னரே தொட வேண்டும்.

நான்காவது, பணிநேரத்தில் துடைக்கும் முறை. துப்பட்டாவால் இழுத்துத் தேய்க்காதீர்கள். டிஷ்யூ காகிதத்தின் மடித்த நுனியை, நீர் சேரும் மூலையில் வைத்து, அது நீரை உறிஞ்சும்வரை பிடித்திருந்தால் போதும். இரவில், எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்து, கீழ்நோக்கி மெல்ல எடுத்து, நீரால் கழுவுங்கள். மை இட்டவாறே உறங்குவது சுரப்பிகளை அடைக்கும். திரவ ஐலைனரைத் திறந்து மூன்று மாதங்களுக்குப் பின் பயன்படுத்த வேண்டாம். கண் நோய் வந்தால் உடனே எறிந்துவிடுங்கள். ஒரே குச்சியைத் தங்கையோடும் தோழியோடும் பகிர்வதும், எச்சில் தொட்டு ஈரமாக்குவதும் நோயைப் பரப்பும் வழிகள்.

ஒரு எச்சரிக்கை. பெயர் முகவரி இல்லாத சுர்மாத் தூள்களிலும் சில மைகளிலும் ஈயம் இருந்ததாகப் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் நிறத்திற்காக ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்திற்கு அவ்விதி எவ்வாறு துணை நிற்கும்? குழந்தையின் கண்ணில் மை இடுவதை நாங்கள் முற்றிலும் தவிர்க்கச் சொல்கிறோம். திருஷ்டிக்குப் பொட்டு வைக்க வேண்டுமெனில், உள்ளங்காலில் சிறிதளவு வைத்தால் போதும்.

நம் நோயாளி ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். கண்ணீர்ப் படலம் எட்டு விநாடிகள் நின்றது. மேலிமைக் கோடு பணி முடியும் இரண்டு மணி வரை நிலைத்திருப்பதாகவும், வெளிமுனையில் மட்டும் சற்று மங்குவதாகவும் கூறினார். கீழிமைக் கோடு இல்லாமல் தம் முகம் தமக்கே சோர்ந்ததுபோல் தெரிகிறது என்று அவர் வருந்தியதையும் மறைக்கவில்லை. விழாநாளில் ஒருமுறை கீழிமையில் வெளிப்புறமாக இட்டுக்கொள்ளலாம், உள்விளிம்பில் மட்டும் வேண்டாம் என்றோம்.

இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது. ஒரே கண்ணில் இடைவிடாது நீர் வடிந்து, மூக்கோரத்தை அழுத்தினால் சீழ் வெளிவருமாயின், அது வடிகால் அடைப்பு. மையை மாற்றுவதால் தீராது, மருத்துவமே வேண்டும். கடும் அரிப்பு இருப்பின் ஒவ்வாமையாக இருக்கலாம். வலி, வெளிச்சத்தைக் காணக் கூச்சம், பார்வை மங்கல், அல்லது ஆலைத் துகளோ வேதிப்பொருளோ கண்ணில் பட்டமை ஆகியவை நேர்ந்தால், மை இட்டோ இடாமலோ காத்திருக்க வேண்டாம். வேதிப்பொருள் பட்டால் முதலில் சுத்தமான நீரால் குறைந்தது பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். பிறகு அன்றே எங்களிடம் வாருங்கள். வரும்போது, வழக்கமாக இடும் மையையும் உடன் கொண்டுவந்தால், பரிசோதனை எளிதாகும்.