மைனஸ் ஸ்கோர் எடுத்தால் ஜெயிப்பது எப்படி? கோல்ஃபில் பார், பேர்டி, ஈகிள், போகி என்றால் என்ன?

2021 ஆகஸ்ட் 7-ம் தேதி காலை, கோல்ஃப் பக்கமே போகாதவர்கள்கூட டிவி முன் உட்கார்ந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலம் கைநழுவியது. அதிதியின் ஸ்கோர் மைனஸ் 15, வெண்கலம் வென்ற லிடியா கோவின் ஸ்கோர் மைனஸ் 16. சரி, ஷாட்களை எண்ணும் ஆட்டத்தில் மைனஸ் எங்கிருந்து வந்தது?

விடை 'பார்' என்ற சொல்லில் இருக்கிறது. கைதேர்ந்த ஒருவர் பந்தைக் குழியில் போட எத்தனை ஷாட் ஆகும் என்ற கணக்குதான் பார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு 'க்ரீன்' என்று பெயர். அங்கே பந்தை உருட்டிக் குழியில் போட எப்போதும் 2 ஷாட் ஒதுக்கிவிடுவார்கள். மீதி, க்ரீனை எட்டுவதற்கு. ஒரே ஷாட்டில் எட்டலாம் என்றால் பார் 3, இரண்டு தேவைப்பட்டால் பார் 4, மூன்று என்றால் பார் 5.

பாரைவிட ஒன்று குறைவாக அடித்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். ஒன்று கூடினால் போகி. அமெரிக்கப் பேச்சுவழக்கில் அசத்தலான எதையும் 'பேர்ட்' என்பார்களாம், பேர்டி அப்படி வந்ததுதான். சின்னப் பறவை போதாதென்று பெரிய ஷாட்டுக்குக் கழுகைப் பிடித்தார்கள்!

டோக்கியோ மைதானத்தின் 18 குழிகளுக்கும் சேர்த்து பார் 71. நான்கு நாளுக்கு 284. அதிதி அடித்தது 269. அதாவது 15 குறைவு. கடைசிக் குழியில் அந்த பேர்டி மட்டும் விழுந்திருந்தால் மைனஸ் 16 ஆகியிருக்கும்.

பாரை முடிவு செய்வதில் முதலில் பார்ப்பது தூரம். ஆண்களுக்கு 260 யார்டு வரை பார் 3, 240 முதல் 490 வரை பார் 4, 450 முதல் 710 வரை பார் 5 என்பது வழிகாட்டி அளவு. பெண்களுக்கு இதைவிடக் குறைவு. எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே விட்ட இடம். மேடு, வளைவு, குறுக்கே தண்ணீர் என்றிருந்தால் அதே தூரம் நீளமாகிவிடும். அப்போது எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை மைதானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்த முடிவு மாறவும் செய்யும். அமெரிக்காவின் பெபிள் பீச்சில் 2-வது குழி வழக்கமாக பார் 5. 2000 யு.எஸ். ஓபனில் அதை பார் 4 ஆக்கினார்கள். மைதானத்தின் பார் 72-லிருந்து 71 ஆனது. டைகர் வுட்ஸ் 272 ஷாட்டில் ஜெயித்தார், ஸ்கோர் மைனஸ் 12. பழைய பார் இருந்திருந்தால் அதே 272-க்கு மைனஸ் 16 வந்திருக்கும். கோப்பை மட்டும் அப்போதும் அவருக்குத்தான், ஏனென்றால் வெற்றியைத் தீர்மானிப்பது மொத்த ஷாட் எண்ணிக்கை.