வீட்டில் நிற்கும் காருக்குச் சுங்கக் கட்டணம்: கணக்கைப் பார்ப்பவருக்கே பணம் திரும்பும்

புதுதில்லி: கார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும், ஆனால், எங்கோ தொலைவிலுள்ள சுங்கச்சாவடியை அது கடந்ததாகவும், கட்டணம் பிடிக்கப்பட்டதாகவும் உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி வரும். 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் அனைத்திலும் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, இத்தகைய புகார்கள் புதியவை அல்ல.

வில்லை கண்ணாடியில் இருக்க, கார் வீட்டில் நிற்க, பணம் எப்படிப் போகிறது? சாவடியிலுள்ள கருவியால் ஒரு வாகனத்தின் வில்லையைப் படிக்க முடியாதபோது, ஊழியர் அதன் பதிவெண்ணைக் கணினியில் தட்டச்சு செய்கிறார். அந்த எண்ணுடன் இணைந்த ஃபாஸ்டேக்கிலிருந்து கட்டணம் பிடிக்கப்படுகிறது. ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவரின் பணம் கரைந்துவிடும். இவ்வாறு தவறாகப் பிடித்தம் செய்ததற்காக 250-க்கும் மேற்பட்ட நேர்வுகளில் வசூல் ஒப்பந்ததாரர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டதாகத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2025-இல் தெரிவித்தது. தவறு உறுதியானால் அபராதம் ரூ.1 லட்சம் அல்லது அதற்கு மேல்.

ஃபாஸ்டேக்கில் பணம் நிரப்பும் முறை மாறியிருப்பதால், இந்தக் கண்காணிப்பு மேலும் அவசியமாகியுள்ளது. வில்லையை வழங்கிய வங்கியில் அதற்கென ஒரு முன்பணக் கணக்கு இருக்கும். யுபிஐ வழியாகவோ, வங்கியின் செயலி வழியாகவோ அதில் அவ்வப்போது பணம் செலுத்துவது ஒரு முறை. சேமிப்புக் கணக்குடன் இணைத்து, இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றதும் தானாக நிரம்பச் செய்வது மற்றொன்று. இரண்டாவது முறைக்கு 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வழியை எளிதாக்கியது. தானியங்கிப் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து ஃபாஸ்டேக்குக்கு விலக்களிக்கப்பட்டது.

இருப்பின்றிச் சாவடியில் சிக்கிக்கொள்ளும் தொல்லை இதனால் நீங்குகிறது. ஆனால், கையால் பணம் நிரப்புபவர் "போன வாரம்தானே ரூ.500 போட்டோம்" என்று ஒரு கணம் யோசிப்பார், தானாக நிரம்பும் கணக்கில் அந்த யோசனைக்கு இடமில்லை. எனவே, சேமிப்புக் கணக்கை இணைப்பவர்கள் நிரப்பும் தொகையைச் சிறிதாக வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையேனும் ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையைப் பார்ப்பது நல்லது. சேமிப்புக் கணக்கு அறிக்கையில் நிரப்பிய மொத்தத் தொகை மட்டுமே தெரியும். எந்தச் சாவடி, எந்த நேரம் என்பவை ஃபாஸ்டேக் அறிக்கையில்தான் இருக்கும்.

அதைப் படிப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தில்லியிலிருந்து ஞாயிறு காலை புறப்பட்ட கார் ஒன்றுக்கு ஒரு சாவடியில் ரூ.90 பிடிக்கப்படுகிறது. அன்று இரவு 7.40-க்கு அதே வழியில் திரும்பும்போது ரூ.45. இது சரியே. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குக் கட்டணம் என்பது விதி. திரும்பும்போதும் ரூ.90 பிடிக்கப்பட்டிருந்தால் கேள்வி கேட்கலாம். குறுஞ்செய்தி இரவு 10.15-க்கு வந்திருக்கிறது, இதுவும் தவறல்ல. அறிக்கையில் சாவடியைக் கடந்த நேரமும், பணம் பிடிக்கப்பட்ட நேரமும் வெவ்வேறாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது கடந்த நேரத்தைத்தான்.

செவ்வாய் முற்பகல் 11 மணிக்கு வேறொரு சாவடியில் மேலும் ரூ.90. அந்த நேரத்தில் கார் குடியிருப்பின் நிறுத்துமிடத்தில் இருந்தது. இதுவே தவறான பிடித்தம். வாகன வகையையும் பார்ப்பது நன்று: காருக்கு VC4 என்ற குறியீடு இருக்க வேண்டும். VC5 என்றிருந்தால், இலகு ரக வர்த்தக வாகனத்துக்கான கூடுதல் கட்டணம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வில்லை படிக்கப்படாததால் ரொக்கம் செலுத்திய பிறகு கணக்கிலும் பணம் போயிருந்தால், ரொக்க ரசீதே சான்று.

புகாரை முதலில் வில்லையை வழங்கிய வங்கியிடம் அளிக்க வேண்டும். செயலியில் அந்தப் பரிவர்த்தனையையே தேர்ந்தெடுத்து, பரிவர்த்தனை எண்ணுடன் பதிவு செய்வது சிறந்தது. சாவடியின் வங்கியிடம் விளக்கமும், வாகனத்தின் படமும் கோரப்படும். படத்தில் இருப்பது வேறு வாகனம் எனில் பணம் திரும்பிவிடும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் குறித்து 1033 என்ற கட்டணமில்லா எண்ணிலும், falsededuction@ihmcl.com என்ற மின்னஞ்சலிலும் முறையிடலாம். 30 நாள்களில் வங்கி பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

காரை விற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய ஃபாஸ்டேக்கை மூடாமல் கொடுத்துவிட்டால், வாங்கியவர் செல்லும் பயணத்துக்கெல்லாம் விற்றவரின் கணக்கிலிருந்தே பணம் போகும். அதைத் தவறான பிடித்தம் என்று எந்தச் சாவடியும் ஏற்காது. படத்தில் இருப்பது அதே வாகனம்தானே.