வெட்டிய படத்தில் ஒட்டியிருப்பது

பணம் அனுப்பியதற்கு அத்தாட்சியாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோம். கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும் தெரியும் பகுதியை வெட்டிவிட்டு, மீதியை அனுப்புகிறோம். வெட்டிய பகுதி திரையில் இல்லை. கோப்புக்குள் அது இன்னும் இருக்கக்கூடும் என்பதை 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் என்ற இருவர் நிரூபித்துக் காட்டினார்கள்.

கூகுள் பிக்சல் போன்களில் உள்ள மார்க்கப் என்ற செயலியில்தான் அந்தக் குறை இருந்தது. படத்தை வெட்டிச் சேமித்தால், பழைய கோப்பின் மேலேயே புதிய படத்தை அது எழுதும். பழைய படம் 2 எம்பி, வெட்டிய படம் அரை எம்பி என்று வைத்துக்கொள்வோம். முதல் அரை எம்பி இடத்தில் புதிய படம் உட்கார்ந்துகொள்ளும். மிச்சமுள்ள ஒன்றரை எம்பியை வெட்டி எறிய வேண்டும். செயலி அதைச் செய்யவில்லை. பிஎன்ஜி வகைக் கோப்பு `IEND` என்ற குறியோடு முடியும். படம் காட்டும் செயலிகள் அந்தக் குறியோடு நின்றுவிடுவதால், அதற்குப் பின்னால் கிடப்பது யார் கண்ணிலும் படாது. அந்த மிச்சத்திலிருந்து அசல் படத்தின் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. புதிய படம் மேலே எழுதிவிட்ட தொடக்கப் பகுதி மட்டுமே போயிருந்தது. கறுப்பு மையால் மறைத்து, வெட்டி அனுப்பிய ஒரு கிரெடிட் கார்டு படத்தில் எண் திரும்பத் தெரிந்ததுதான் அவர்கள் காட்டிய உதாரணம். சில நாட்களிலேயே விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே குறை தெரியவந்தது. இரு நிறுவனங்களும் திருத்தம் வெளியிட்டன.

ஜேபெக் படங்களில் கதை வேறு. கேமரா எடுக்கும் படத்துக்குள் பெரும்பாலும் 160×120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படமும் சேர்ந்தே இருக்கும். பெரிய படத்தை வெட்டும் செயலி குட்டிப் படத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், வெட்டப்பட்ட முகம் அதில் அப்படியே இருக்கும். எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் அதை வெளியே எடுத்துப் பார்க்கலாம்:

```
exiftool -b -ThumbnailImage padam.jpg > kutti.jpg
```

ஐபோனில் இன்னொரு வழியில் அசல் வெளியேறும். அங்கே திருத்திய படத்தை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பலாம். காரணம், அசல் அழிக்கப்படுவதே இல்லை. ஏர்டிராப்பில் பகிரும்போது `All Photos Data` என்ற தேர்வு இயங்கியிருந்தால், அசலும் திருத்த வரலாறும் கூடவே போய்விடும்.

விண்டோஸில் படத்தின் விவரங்களை நீக்கும் வசதி உண்டு. ஆனால் அது எழுத்து வடிவிலான விவரங்களுக்குத்தான். `IEND`-க்குப் பின்னால் கிடப்பதை அது துடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் பழைய கோப்பைச் சுத்தம் செய்வதைவிட, கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை மட்டும் எடுத்துப் புதிய பெயரில் புதிய கோப்பு எழுதுவதே உறுதியான வழி. இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரே வரி போதும்:

```
magick pazhaya.png -auto-orient -strip puthiya.png
```

`-auto-orient` என்பதை விட்டால், போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். எப்படி நிமிர்த்திக் காட்டுவது என்ற குறிப்பும் மறை விவரங்களோடு அழிந்துபோவதுதான் காரணம். நிறக் குறிப்பும் போய்விடுவதால் சில படங்கள் லேசாக வெளிறலாம். கணினி இல்லாதவர்கள், திருத்திய படத்தைத் திரையில் வைத்து, அதையே புதிதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலும் வெட்டாமல் அனுப்பலாம். தெளிவு சற்றுக் குறையும். மறைந்திருந்த அசல் கூட வராது.

அனுப்பும் முன் சோதிக்கவும் வழி இருக்கிறது. படத்தில் முக்கால்வாசியை வெட்டியும் கோப்பின் அளவு துளிகூடக் குறையவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். `exiftool -a -G1 puthiya.png` என்று கேட்டால், மிஞ்சியிருக்கும் விவரங்கள் வரிசையாக வரும்; `IEND`-க்குப் பின்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் எச்சரிக்கையும் வரும்.

இவை எல்லாம் கோப்புக்குள் ஒளிந்திருப்பதற்குத்தான். ஹைலைட்டர் போன்ற ஊடுருவித் தெரியும் மையால் எண்ணை மறைத்திருந்தால், புதிய கோப்பிலும் வெளிச்சத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். முழுக் கறுப்புப் பெட்டியால் மறைத்த பிறகே புதிய கோப்பு எழுத வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதுவே புதிதாகச் சுருக்கி எழுதிவிடும். டாகுமெண்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் கோப்பு உள்ளது உள்ளபடியே போகும். செயலியைப் புதுப்பிப்பதும் இனி வெட்டும் படங்களுக்கு மட்டுமே காப்பு. 2023 மார்ச்சுக்கு முன் அந்தச் செயலிகளில் வெட்டி, மின்னஞ்சலிலோ பொது இணைப்பிலோ போட்டுவைத்த பிஎன்ஜி படங்கள் இன்றும் அதே மிச்சத்தோடு அங்கே கிடக்கலாம். நம் கைக்கு எட்டும் இடங்களில் இருப்பவற்றையாவது தேடி நீக்கிவிட்டு, புதிதாக எழுதிய கோப்பை அங்கே வைத்துவிடலாம்.