விதிக்கு எண் வைப்பது எப்படி?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதித் தொகுப்பைத் திருத்தும் வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. காரணம் ஒரு 500 ரூபாய் அபராதம். விருந்தினர் இடத்தில் கார் நிறுத்திய ஒருவருக்கு, 'விதி 4.3-ஐ மீறியதற்காக' என்று கடிதம் போயிருந்தது. அவர் தன்னிடமிருந்த புதுப் பிரதியைப் புரட்டினார். 4.3 சைக்கிள் நிறுத்துவது பற்றிப் பேசியது. "சார், எங்கிட்ட சைக்கிளே கிடையாதே!" என்றார். அபராதத்தை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். மின்வண்டி சார்ஜ் செய்வதற்கான புது விதியை யாரோ 4.2 என்று நடுவில் செருகிவிட்டார்கள். வேர்டின் தானியங்கி எண் கீழே இருந்ததையெல்லாம் ஒவ்வொரு படி தள்ளிவிட்டது. கடிதம் எழுதியவர் கையில் இருந்ததோ பழைய பிரதி.

இதற்கு நம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2002-இல் கல்வி உரிமையைச் சேர்த்தபோது அதற்கு 22 என்று எண் கொடுத்து மற்றதைத் தள்ளவில்லை. 21-ஏ என்று வைத்தார்கள். நீக்கும்போதும் அப்படித்தான். சொத்துரிமை பற்றிய 19(1)(எஃப்) 1978-இல் போய்விட்டது. இன்றும் (இ)-க்குப் பிறகு நேராக (ஜி)தான் வரும். இடைவெளியை மூடியிருந்தால், தொழில் செய்யும் உரிமையை 19(1)(ஜி) என்று குறிப்பிட்ட பழைய தீர்ப்புகளெல்லாம் குழம்பிப் போயிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதில் பாகம் மாறினாலும் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்குவதில்லை. அதனால் 'பிரிவு 21' என்றாலே போதும், எந்தப் பாகம் என்று சொல்ல வேண்டாம். நானும் 1 முதல் 64 வரை தொடர் எண்ணே வைத்தேன். 'வாகனங்கள்', 'தண்ணீர்' போன்ற தலைப்புகள் தேடிப் பிடிக்க மட்டும்தான். நாளைக்குத் தலைப்பை மாற்றினாலும் விதியின் எண் மாறாது.

அடுத்த சிக்கல், எண்ணே இல்லாத வரி. நாய் வளர்ப்பு விதியில் (அ), (ஆ), (இ) என்று மூன்று நிபந்தனைகள். அவற்றுக்குக் கீழே தனியாக, 'மீறினால் 500 ரூபாய் அபராதம்' என்று ஒரு வரி. அது மூன்றுக்குமா, (இ)-க்கு மட்டுமா? மேற்கோள் காட்டவும் வழியில்லை. நிபந்தனைகளை 31(1)-க்குள் வைத்து, 31(2)-இல் 'மேலே 31(1)-இல் உள்ள எதை மீறினாலும்' என்று எழுதினேன். புள்ளி போட்ட பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் எழுத்து கொடுத்தேன். 'மேற்கண்ட விதிப்படி' என்று வந்த இடங்களிலெல்லாம் எண்ணையே போட்டேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. செருகிச் செருகி 31-ஏ, 31-பி என்று நீண்டால் படிக்கிறவர் திணறுவார். அப்போது முழுசாகப் புது எண் கொடுக்கலாம். கூடவே பழைய எண், புது எண் அட்டவணை கட்டாயம் வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது மோசடிக்கான 420, 318 ஆனது. கொலைத் தண்டனைக்கான 302, 103 ஆனது. புதுச் சட்டத்திலும் ஒரு 302 இருக்கிறது. அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது! ஆக, எண்ணோடு எந்தப் பதிப்பு என்பதையும் சொன்னால்தான் மேற்கோள் முழுமையாகும். எங்கள் அபராதக் கடிதங்களில் இப்போது 'விதி 22, 2024 பதிப்பு' என்றுதான் இருக்கிறது.