பதினைந்து விநாடி விளம்பரத்தில் பதினைந்து சொற்கள்

“மாதம் 18 வெள்ளி மட்டுமே!” என்று திரை முழுக்க மஞ்சள் எழுத்து. பின்னணியில் துள்ளல் இசை, ஆடும் இளைஞர்கள். கடைசி இரண்டு விநாடிகளில் நிறுவனத்தின் சின்னம் வருகிறது. அதன் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி. படிக்கத் தொடங்குமுன் அடுத்த விளம்பரம் வந்துவிடுகிறது.

வானொலியில் இந்த வித்தை எளிதல்ல. நிபந்தனை என்றால் யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பாளர் வேகமாகப் படிக்கலாம், ஆனால் அதற்கும் விநாடிகள் செலவாகும். அதனால் வானொலியில் வேலை செய்பவர்களுக்குச் சொற்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். திரையில் நிபந்தனையை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடலாம். பார்ப்பவர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஓரத்து வரியை எடுத்துக்கொள்வோம். கற்பனையான ஒரு கைப்பேசித் திட்டம்தான், ஆனால் இதைப்போல் நாம் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். “முதல் 6 மாதங்களுக்கு மட்டும். பின்னர் மாதம் 36 வெள்ளி. 24 மாத ஒப்பந்தம். பதிவுக் கட்டணம் 10 வெள்ளி.”

எண்களையும் சேர்த்தால் 15 சொற்கள். பிரிட்டனின் தொலைக்காட்சி விளம்பரத் துறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சொல்லுக்கு 0.2 விநாடி. அதோடு, திரையில் எழுத்து வந்திருப்பதைக் கண் கவனிக்கக் கூடுதல் நேரம்: ஒன்பது சொல்வரை இருந்தால் 2 விநாடி, அதற்கு மேல் போனால் 3 விநாடி. நம் வரிக்கு 15 சொல்லுக்கு 3 விநாடி, கவனிக்க 3 விநாடி, ஆக 6 விநாடி. விளம்பரம் கொடுத்ததோ இரண்டு விநாடி.

தமிழுக்கு அந்தக் கணக்கும் போதாது. ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்பது ஒரே சொல்தான், ஆனால் அதில் 11 எழுத்துகள். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாகப் பிரிவதைத் தமிழ் ஒட்டி எழுதுகிறது. சொல்லை மட்டும் எண்ணினால் தமிழ் வாசகருக்கு நேரம் குறைந்துவிடும். இதற்கு எளிய வழி, அந்த வரியை ஒருவர் சாதாரண வேகத்தில் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கடிகாரம் பிடிப்பது. கணக்கில் வந்த நேரம், கடிகாரத்தில் வந்த நேரம் இரண்டில் எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து எவ்வளவு பெரிது?

அதே பிரிட்டிஷ் வழிகாட்டுதல் எழுத்தின் உயரத்தையும் சொல்கிறது. உயர்தெளிவுத் திரையில் மேலிருந்து கீழாக 1,080 கோடுகள் இருக்கின்றன. எழுத்து அதில் குறைந்தது 30 கோடு உயரம் இருக்க வேண்டும். 55 அங்குலத் தொலைக்காட்சியில் இது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர், வரவேற்பறை நாற்காலியிலிருந்து படிக்கலாம்.

அதே படத்தைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் படத்தின் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். எழுத்தும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். தொலைக்காட்சிக்குச் செய்த விளம்பரத்தை அப்படியே கைப்பேசிக்கு அனுப்பினால் நிபந்தனை இருந்தும் இல்லாததுபோல்தான். கைப்பேசிக்குத் தனிப் படம் செய்து, அந்த வரியைப் பெரிதாக்கி, மேலே தூக்கி வைக்க வேண்டும். நிமிர்ந்த படங்களில் திரையின் அடிப்பகுதியைச் செயலியின் பொத்தான்களும் தலைப்பும் மறைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல். எழுத்து சிறிதாகும்போது முதலில் மறைவது மேலே இருக்கும் புள்ளி. அடுத்து ‘கி’, ‘கீ’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. பின்னால் படம் அசைந்தால், வெள்ளை எழுத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் நடந்தால், எண்களும் போய்விடும். வரிக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த நேரத்தில் குரல் வேறொரு சலுகையைச் சொல்லாமல் இருந்தால் மீதியும் தீரும். ஒன்றைக் கேட்டுக்கொண்டே வேறொன்றைப் படிப்பது யாருக்கும் கடினம்.

விளக்கமா, மறுப்பா?

எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதுமா? இங்கேதான் முக்கியமான கேள்வி. அடிக்குறிப்பு, மேலே சொன்னதை விளக்கலாம். மேலே சொன்னதை மறுக்கக் கூடாது.

நம் விளம்பரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் 6 மாதத்துக்கு 108 வெள்ளி. அடுத்த 18 மாதத்துக்கு 648 வெள்ளி. பதிவுக் கட்டணம் 10. மொத்தம் 766 வெள்ளி, சராசரி மாதத்துக்கு ஏறக்குறைய 32 வெள்ளி. “மாதம் 18 வெள்ளி மட்டுமே” என்பதை நம்பியவர் இரண்டு ஆண்டுக்கு 432 வெள்ளி என்றுதான் கணக்குப் போட்டிருப்பார். 334 வெள்ளி வித்தியாசத்தை ‘விளக்கம்’ என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் இதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. முக்கியமான ஓர் உண்மையைச் சிறிய எழுத்தில் மறைப்பதும், சிறிய எழுத்தைக் கொண்டு அதைப்பற்றித் தவறாக எண்ண வைப்பதும் அதன் இரண்டாம் அட்டவணையில் நியாயமற்ற செயல்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. “கீழே போட்டிருந்தோமே” என்ற பதில் எப்போதும் செல்லாது.

இதைத் திருத்துவது கடினமல்ல. தலைப்பிலேயே “முதல் 6 மாதம் 18 வெள்ளி, பிறகு 36 வெள்ளி” என்று போட்டுவிடலாம். அடியில் மிஞ்சுவது “24 மாத ஒப்பந்தம். பதிவுக் கட்டணம் 10 வெள்ளி” மட்டும். ஏழு சொல், கணக்குப்படி மூன்றரை விநாடிக்குள். விலை தோன்றும் அதே நேரத்தில் இதுவும் தோன்றினால், கடைசிச் சின்னம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து விநாடியில் தாராளமாக இடம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் விழும் ஓட்டை

பல விளம்பரங்கள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. பிறகு தமிழுக்கு வருகின்றன. ‘50 விழுக்காடு வரை தள்ளுபடி’ என்பதில் ‘வரை’ சிறுத்துப்போனால் எல்லாப் பொருளுக்கும் பாதி விலை என்றாகிவிடும். ‘18 வெள்ளி முதல்’ என்பதில் ‘முதல்’ விடுபட்டால் மிகக் குறைந்த விலையே ஒரே விலையாகிவிடும். கடைசி நேரத்தில் ஆங்கிலப் படத்தில் விலையோ முடிவுத் தேதியோ மாறி, தமிழ்ப் படத்தில் பழையதே நின்றுவிடுவதும் உண்டு. எல்லா மொழிகளின் விலை, தேதி, நிபந்தனையை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முடிந்த படத்தை அந்தத் தாளோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால் இது பிடிபடும். குரல் மட்டும் தமிழில், நிபந்தனை முழுதும் ஆங்கிலத்தில் என்ற விளம்பரங்களும் இருக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்த விளம்பரம் சலுகையை மட்டும்தான் சொல்கிறது.

பார்ப்பவர் என்ன செய்யலாம்? கைப்பேசியில் விளம்பரம் வந்தால் நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, பெரிதாக்கிப் படியுங்கள். விலைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அதன் ஜோடியைத் தேடுங்கள். கடையில் “மாதம் எவ்வளவு?” என்று கேட்பதைவிட, “ஒப்பந்தம் முடியும்வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?” என்று கேளுங்கள். விளம்பரத்தில் சொன்னதும் ரசீதில் வந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால், பிடித்து வைத்த அந்தப் படத்தோடு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். தேதியும் நேரமும் பதிவான ஒரு படம், “அப்படித்தான் போட்டிருந்தார்கள்” என்ற வாய்ச் சொல்லைவிட வலுவான சான்று.