"பத்திரமாக வைப்போம்" என்று எழுதினால் பணம் வராது!

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு நாள் ஏதாவது விண்ணப்பம் தயாரிக்க வேண்டியிருக்கும். என் அக்கா மகள் ஆராய்ச்சி மாணவி. வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்கள் 40 பேரைப் பேட்டி கண்டு, குரலைப் பதிவு செய்து வைக்கும் திட்டத்துக்காக ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிடம் நிதி கேட்டிருந்தாள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "மாமா, ஆராய்ச்சியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான் சரியில்லையாம். நீங்கள் கொஞ்சம் பாருங்கள்" என்று லேப்டாப்புடன் வந்து நின்றாள்.

திரும்பி வந்த பகுதியின் பெயர் டேட்டா மேனேஜ்மென்ட் பிளான். தமிழில் தகவல் மேலாண்மைத் திட்டம் எனலாம். நாங்கள் தரும் பணத்தில் நீங்கள் சேர்க்கும் தகவல் எங்கே இருக்கும், யாருக்குக் கிடைக்கும், எத்தனை காலம் இருக்கும் என்று நிதி தருபவர் கேட்கும் கேள்விகளுக்கான பதில் இது. அமெரிக்காவின் நேஷனல் சயின்ஸ் பவுண்டேஷன் 2011 ஜனவரி முதல் எல்லா விண்ணப்பங்களிலும் இதைக் கேட்கத் தொடங்கியது. அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்.ஐ.எச். அமைப்பு 2023 ஜனவரியில் தன் விதியை விரிவாக்கியது. இன்று பல அறக்கட்டளைகளும் இதைக் கேட்கின்றன.

அவள் எழுதியிருந்தது இதுதான்:

"பேட்டிகள் கம்ப்யூட்டரில் பாதுகாப்பாகச் சேமிக்கப்படும். தேவைப்படும் ஆய்வாளர்களுக்குத் தக்க முறையில் பகிரப்படும். ஆராய்ச்சி முடிந்த பின்பும் போதிய காலம் வைத்திருக்கப்படும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "பாதுகாப்பாக", "தக்க", "போதிய" ஆகிய மூன்று சொற்களையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று வருடம் கழித்து யாராவது வந்து "சொன்னபடி செய்தீர்களா?" என்று சரிபார்க்க முடியுமா? முடியாது. சரிபார்க்க முடியாத வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தோம்.

எங்கே வைப்பது?

முதலில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட வேண்டும். அவள் ரெக்கார்டரில் WAV ஃபைலாகப் பதிவு செய்கிறாள். ஒரு விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஸ்டீரியோ என்பதால் இரண்டு மடங்கு. அதாவது விநாடிக்கு 2,88,000 பைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.04 ஜி.பி. வரும். 40 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேரம், 62 ஜி.பி. புகைப்படங்கள் 800, ஒன்று 8 எம்.பி. வீதம் 6.4 ஜி.பி. எழுத்துப் பிரதிகள் மிகச் சிறியவை. மொத்தம் 70 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு எண் கிடைத்ததும் பல விஷயங்கள் தானாகவே முடிவாகின. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. போதாது. 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். ரெக்கார்டரில் இருக்கும் 32 ஜி.பி. மெமரி கார்டு 30 மணி நேரம் தாங்கும். ஒரு வாரப் பயணத்தில் அவள் எடுப்பதோ எட்டுப் பேட்டி, 12 மணி நேரம். எனவே ஊரில் இருக்கும்போது இடம் இல்லையென்று கார்டை அழிக்க வேண்டிய அவசியமே வராது. இப்படி அவசரமாகக் கார்டை அழிக்கும்போது பதிவுகள் தொலைந்துவிடக்கூடும்.

"கிளவுடில் இருக்கிறதே மாமா, பிறகு எதற்கு டிஸ்க்?" என்று கேட்டாள். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரை கிளவுடோடு சிங்க் செய்தால் அது பேக்கப் ஆகாது. லேப்டாப்பில் ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தால் கிளவுடிலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. எனவே சிங்க் ஆகாத, தனியாகக் கழற்றி வைக்கிற ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

காப்பி செய்தது சரியாக ஆகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? விண்டோஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. Command Prompt திறந்து இப்படிக் கொடுங்கள்:

```
certutil -hashfile D:\Petti\UP-014.wav SHA256
```

64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி வரும். அது அந்த ஃபைலின் கைரேகை மாதிரி. டிஸ்கில் உள்ள பிரதிக்கும் இதே கட்டளையைக் கொடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரதி சரி. ஃபைலில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் வரி முழுவதும் மாறிவிடும். ஆனால் இரண்டில் எது கெட்டது என்று இது சொல்லாது. அதனால் பதிவு செய்த அன்றே அந்த வரியை ஒரு பட்டியலில் எழுதி வைக்க வேண்டும்.

யாருக்குத் தருவது?

இந்தப் பகுதிதான் எங்களை நிறுத்தி வைத்தது. நான் "எல்லாப் பேட்டிகளும் பகிரப்படும்" என்று டைப் செய்துகொண்டிருந்தேன். சந்தேகம் வந்து, பேட்டி கொடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைக் கேட்டேன். அதில் "இப்பதிவு என் ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும். முடிந்ததும் அழிக்கப்படும்" என்று இருந்தது! ஒருவரிடம் அழிப்பேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டு, இன்னொருவரிடம் எல்லோருக்கும் தருவேன் என்று எழுதிக்கொடுக்க முடியுமா? அந்தப் படிவத்தில் ஏற்கெனவே ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

படிவத்தை மாற்றி எழுதினோம். ஆராய்ச்சிக்கு மட்டும், பெயர் நீக்கிய எழுத்துப் பிரதியைப் பொதுவில் வைக்கலாம், குரலை மற்ற ஆய்வாளர்கள் கேட்கலாம் என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். அவள் மறுபடி வேதாரண்யம் போய் ஆறு பேரையும் பார்த்தாள். ஐந்து பேர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "நான் கூலித் தகராறு பற்றிப் பேசியதை வேறு யாரும் கேட்க வேண்டாம்மா" என்றார். அவர் முதல் கட்டத்தில் மட்டும் குறியிட்டார்.

அவர் பயந்தது நியாயமே. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். சிறிய ஊரில் குரலைக் கேட்டாலே யார் என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிரதியிலும் "இடது கை விரல் போனவர்", "மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்" என்ற வரிகளே ஆளைக் காட்டிக் கொடுக்கும். எனவே பெயர், ஊரின் தெரு, குடும்ப விவரம் ஆகியவற்றை நீக்கிய எழுத்துப் பிரதி மட்டும் பொதுவில். குரல் கேட்டு அனுமதி பெறுபவர்களுக்கு மட்டும் என்று பிரித்தோம்.

எங்கே வைப்பது என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது zenodo.org. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் இலவசக் காப்பகம் இது. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு நிரந்தர எண் தருவதால் முகவரி மாறினாலும் ஃபைலைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அங்கே வெளியிட்டதைப் பிறகு திரும்ப எடுப்பது சுலபமல்ல. அதனால் குரல் ஃபைல்களை அங்கே ஏற்றவில்லை. துறையின் பொறுப்பிலேயே வைத்தோம்.

எத்தனை நாள்?

"பத்து வருடம்" என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தத் தேதியிலிருந்து பத்து? திட்டம் முடிந்த நாளிலிருந்தா, பேட்டி எடுத்த நாளிலிருந்தா? அவள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு யார் பொறுப்பு? ஆளின் பெயரை எழுதினால் ஆள் மாறிவிடுவார்; பதவியை எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. UP-014 என்பது யார் என்று காட்டும் பெயர்ப் பட்டியலை உடனே அழிப்பதுதான் பாதுகாப்பு என்று முதலில் நினைத்தோம். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒருவர் வந்து "என் பதிவை எடுத்துவிடுங்கள்" என்றால் எந்த ஃபைல் என்று எப்படித் தெரியும்? எனவே குரல் இருக்கும் வரை பட்டியலும் இருக்கும், ஆனால் வேறு இடத்தில் இருக்கும் என்று முடிவு செய்தோம்.

கடைசியாக, பத்து வருடம் கழித்து ஃபைல் திறக்க வேண்டுமே! அவளுடைய எழுத்துப் பிரதிகளில் சில பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருந்தன. சோதிக்க எளிய வழி உண்டு. வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். "அம்மா" என்பது mk;kh என்று வந்தால் அது யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் கிறுக்கல்தான். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம்.

மாற்றி எழுதியது

"மொத்தத் தகவல் சுமார் 70 ஜி.பி. பதிவு செய்த அன்றே லேப்டாப்பிலும் எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் பிரதி எடுத்து SHA256 மூலம் சரிபார்க்கப்படும். அதுவரை மெமரி கார்டு அழிக்கப்படாது. மூன்றாவது பிரதி வாரம் ஒருமுறை பல்கலைக்கழக சர்வரில் சேர்க்கப்படும். லேப்டாப்பும் டிஸ்கும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். திறக்க முடிந்தவர்கள் ஆய்வாளரும் நெறியாளரும் மட்டும்.

சம்மதித்தவர்களின் எழுத்துப் பிரதிகள், அடையாளம் நீக்கி, திட்டம் முடிந்த 12 மாதத்துக்குள் ஸெனோடோவில் யூனிகோட் ஃபைலாக வெளியிடப்படும். குரல் பதிவுகள், சம்மதித்தவர்களுடையது மட்டும், எழுத்து மூலம் கேட்கும் ஆய்வாளர்களுக்குத் துறைத் தலைவரின் அனுமதியுடன் தரப்படும்.

குரல் பதிவுகளும் பெயர்ப் பட்டியலும் தனித்தனி இடங்களில், திட்டம் முடிந்த தேதியிலிருந்து 10 ஆண்டுகள் துறைத் தலைவர் பொறுப்பில் இருக்கும். அதன்பின் இரண்டும் அழிக்கப்படும்."

மூன்று வாக்கியம் மூன்று பத்தி ஆனது. ஆனால் இப்போது ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்: "டிஸ்க் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். செலவுப் பட்டியலில் அது இல்லையே?" உண்மைதான், நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. டிஸ்கின் விலையைச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பினோம். நீங்கள் எழுதும்போது திட்டம், ஒப்புதல் படிவம், செலவுப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.