மந்தநிலை எப்போது தொடங்கியது?

2008 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வகத்தின் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாட்டின் பொருளாதாரம் 2007 டிசம்பரிலேயே உச்சத்தைத் தொட்டு மந்தநிலைக்குள் இறங்கிவிட்டது என்பதே செய்தி. அதற்குள் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது, லட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்தார்கள். மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது என்பதையும் அந்தக் குழு 2010 செப்டம்பரில்தான் சொன்னது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. பொருளாதார எண்கள் பிறகு திருத்தப்படும். ஒருமுறை அறிவித்த தேதியை மாற்ற நேர்ந்தால் அந்த அறிவிப்புக்கே மதிப்பு இருக்காது. அதனால் சந்தேகம் தீரும்வரை குழு பொறுத்திருக்கிறது.

குழுவின் முடிவுக்குக் காத்திராமல், காலாண்டு வளர்ச்சி எண்களை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியுமா? ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர் 1989இல் 'எகானமெட்ரிகா' இதழில் இதற்கு ஒரு வழி காட்டினார். இன்றுவரை இத்துறையில் கைவிடப்படாத வழி அது.

பொருளாதாரம் எப்போதும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கிறது, ஒன்று ஏற்றம், மற்றது மந்தம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எந்த நிலை என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வளர்ச்சி எண் மட்டுமே தெரியும். ஏற்ற நிலையில் அந்த எண் ஒரு சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும், மந்த நிலையில் வேறொரு சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும். ஒரு காலாண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அதே நிலை நீடிக்கலாம், மாறவும் செய்யலாம். இரண்டுக்கும் குறிப்பிட்ட நிகழ்தகவுகள் உண்டு. அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது என்ற இந்த அமைப்புக்கு, ரஷ்யக் கணித மேதை மார்க்கோவின் பெயரால் மார்க்கோவ் சங்கிலி என்று பெயர்.

1951 முதல் 1984 வரையிலான அமெரிக்க மொத்தத் தேசிய உற்பத்தியின் காலாண்டு வளர்ச்சியை ஹாமில்டன் இந்த மாதிரிக்குள் செலுத்தினார். எந்தக் காலாண்டு மந்தம், எது ஏற்றம் என்று முன்கூட்டி எதையும் குறித்துத் தரவில்லை. கைவசமுள்ள எண்கள் வருவதற்கு மிக அதிக வாய்ப்புத் தரும் சராசரிகளும் நிகழ்தகவுகளும் எவை என்று மட்டும் கணக்கிட்டார். ஏற்ற நிலையின் சராசரி வளர்ச்சி காலாண்டுக்கு சுமார் 1.2 சதவீதம் என்று வந்தது. மந்த நிலைக்கு மைனஸ் 0.4 சதவீதம். ஏற்றம் அடுத்த காலாண்டிலும் தொடரும் நிகழ்தகவு 0.90, மந்தம் தொடரும் நிகழ்தகவு 0.75. அதாவது சராசரியாக ஒரு மந்தநிலை நான்கு காலாண்டு, ஓர் ஏற்றம் பத்துக் காலாண்டு நீடிக்கும். இந்தக் கணக்கு காட்டிய மந்தநிலைகள், ஆய்வகம் பல தரவுகளை அலசிக் குறித்த தேதிகளைப் பெரும்பாலும் ஒட்டியே வந்தன. ஒரே ஒரு எண் வரிசையிலிருந்து இவ்வளவு கிடைத்ததுதான் அந்தக் கட்டுரையைப் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான இரண்டு காலாண்டுகளில் பார்ப்போம். மேலே சொன்ன எண்களையே வைத்துக்கொள்வோம். இரு நிலைகளிலும் வளர்ச்சி தன் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 0.8 என்று கொள்வோம். முந்தைய நான்கு காலாண்டுகளின் தாக்கத்தையும் ஹாமில்டன் சேர்த்திருந்தார். எளிமைக்காக அதை இங்கே விட்டுவிடலாம்.

போன காலாண்டில் மந்தம் இருந்ததற்கு 10 சதவீத வாய்ப்பு என்று நம்பியிருந்தோம். புதிய எண் வருவதற்கு முன்பே ஒரு முன்கணிப்பு செய்யலாம். மந்தமாக இருந்து மந்தமாகவே தொடர்வதற்கு 0.10 × 0.75, ஏற்றத்திலிருந்து மந்தத்துக்கு இறங்குவதற்கு 0.90 × 0.10. இரண்டையும் கூட்டினால் 16.5 சதவீதம். இப்போது புதிய வளர்ச்சி எண் 0.2 சதவீதம் என்று வருகிறது. ஏற்றத்தின் சராசரிக்கு இது வெகு கீழே, மந்தத்தின் சராசரிக்கு ஓரளவு மேலே. இப்படியோர் எண் மந்த நிலையில் வருவதற்கான வாய்ப்பு ஏற்ற நிலையில் வருவதைப்போல் சுமார் 1.65 மடங்கு. முன்கணிப்பை இந்தச் சான்றோடு சேர்த்து எடைபோட்டால் மந்தத்தின் நிகழ்தகவு 25 சதவீதத்துக்கு உயர்கிறது. கவலைப்பட இடமுண்டு, அறிவிக்க இடமில்லை.

அடுத்த காலாண்டில் மைனஸ் 0.5 வருகிறது. இந்த எண் மந்தத்தில் வருவதற்கான வாய்ப்பு ஏற்றத்தில் வருவதைப்போல் ஒன்பதரை மடங்கு. நிகழ்தகவு ஒரே தாவலில் 77 சதவீதமாகிறது.

இதோடு கணக்கு நிற்பதில்லை. இந்த மாதிரியின் மிக அழகான பகுதி இனிமேல்தான் வருகிறது என்பது என் எண்ணம். இரண்டாவது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதல் காலாண்டைத் திரும்பிப் பார்க்கலாம். அன்று 25 சதவீதம் என்றோமே, இப்போது அதே காலாண்டின் மந்த நிகழ்தகவு 56 சதவீதமாகிறது. மைனஸ் 0.5க்குப் பதில் 1.0 வந்திருந்தால் அது 13 சதவீதமாகக் குறைந்திருக்கும். அடைமழைக்காலத்தில் ஒருநாள் வெயில் அடித்தால் பருவம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, மறுநாளையும் பார்த்துத்தான் முடிவுக்கு வருவோம். நிலைகள் நீடிக்கும் தன்மை உள்ளவை என்பதால், பின்னால் வரும் எண் முன்னதைப் பற்றியும் சாட்சி சொல்கிறது.

ஹாமில்டன் பிற்காலத்தில் மார்செல் ஷோவேயுடன் சேர்ந்து உருவாக்கிய மந்தநிலைக் குறியீடு இந்தப் பொறுமையை விதியாகவே வைத்திருக்கிறது. ஒரு காலாண்டைப் பற்றிச் சொல்ல அடுத்த காலாண்டின் எண் வரும்வரை அது காத்திருக்கும். நிகழ்தகவு 67 சதவீதத்தைத் தாண்டினால் மந்தநிலை தொடங்கியது என்று அறிவிக்கும், 33க்குக் கீழே இறங்கினால்தான் முடிந்தது என்று சொல்லும். இடையில் ஊசலாடும்போது வாயைத் திறக்காது. தொடர்ந்து இரண்டு காலாண்டு சரிந்தால் மந்தநிலை என்று செய்திகளில் புழங்கும் விதியைவிட இது நேர்மையானது. எவ்வளவு சரிந்தது, முன்பு எந்த நிலையில் இருந்தோம் என்பவற்றை அந்த விதி பார்ப்பதே இல்லை.

ஆனால் மாதிரியின் எண்கள் என்றைக்கும் செல்லுபடியாகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1984ஐ ஒட்டி அமெரிக்க வளர்ச்சியின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒரே திட்ட விலக்கத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், பின்னாளைய லேசான மந்தநிலைகள் கண்ணில் படாமல் நழுவிவிடும். அதனால் திட்ட விலக்கமும் மாறுவதற்கு மாதிரியில் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

2020 இன்னும் கடுமையான சோதனை. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் அமெரிக்க உற்பத்தி ஏறக்குறைய 8 சதவீதம் விழுந்தது, அடுத்த காலாண்டில் கிட்டத்தட்ட அதே அளவு எழுந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து மாதிரியை மறுபடி மதிப்பிட்டால் மந்த நிலையின் சராசரி பாதாளத்துக்குப் போய்விடும். அதன்பிறகு 1974, 1982, 2008 எல்லாம் ஏற்றக் காலங்களாகவே தெரியும். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. புதிய மதிப்பீட்டை வைத்துப் பழைய ஆண்டுகளின் நிகழ்தகவுகளைப் போட்டுப் பார்த்தால், நாம் நன்கறிந்த மந்தநிலைகள் காணாமல் போயிருக்கும். கொரோனாக் காலாண்டுகளை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவைப்பது ஒரு வழி, அவற்றுக்கென்று மூன்றாவதாக ஒரு நிலையைச் சேர்ப்பது மற்றொரு வழி. ஒரே ஒரு முறை நடந்த நிகழ்வுக்கு ஒரு நிலையை ஒதுக்கினால், அதிலிருந்து வெளியேறும் நிகழ்தகவை எந்தத் தரவிலிருந்து கணக்கிடுவது? அதனால் நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.